உப்புத் தண்ணீரில் முட்டை: ஒரே அளவு உப்பு, மூன்று தடவையும் வேறு வேறு முடிவு. எங்கே தவறு?

மலர்விழி (திருச்சி)
வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு அறிவியல் செய்முறை செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஏதாவது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அவள் முட்டை மிதப்பதை எடுத்துக்கொண்டாள். மூன்று டம்ளர் வைத்தாள். வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கியது. நாலு ஸ்பூன் உப்பு போட்ட தண்ணீரில் மிதந்தது. மூன்றாவதில் சர்க்கரைத் தண்ணீர், அதில் எலுமிச்சம்பழம்; அதுவும் மிதந்தது. ஆசிரியை நோட்டில் "இதில் மாறியது எது?" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்.

சரி, உப்பை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று மறுபடி செய்தோம். அதே நாலு ஸ்பூன், அதே டம்ளர். இந்தத் தடவை முட்டை நடுவில் போய் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மூன்றாவது தடவை அடியிலேயே கிடந்தது. பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். யாராவது விளக்க முடியுமா? பழத்தையும் இதில் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள்.

சாந்தா அம்மாள்
மலர், மிதந்த முட்டையைச் சமைத்துவிடாதே அம்மா. மிதந்தால் பழசு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் முட்டை வாங்கியதும் சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்போம். படுத்துக் கிடந்தால் புதுசு, நுனியில் நின்றால் சில நாளானது, மிதந்தால் குப்பைக்கு.

மலர்விழி (திருச்சி)
சாந்தா அக்கா, அது வெறும் தண்ணீரில் பார்ப்பது இல்லையா? இங்கே உப்பு போட்ட தண்ணீர். கெட்டுப்போனதா என்று பார்க்கவில்லை, ஏன் மிதக்கிறது என்று பார்க்கிறோம்.

ஓய்வாசிரியர்
மலர்விழி அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்குச் சாந்தா அம்மாள் பதில் சொல்லவில்லைதான். ஆனால் உங்கள் மூன்று முடிவுகளுக்கான காரணத்தில் பாதி அவர் சொன்னதற்குள் இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன். முதலில் நான்கு விஷயம் தெரிய வேண்டும். மூன்று தடவையும் ஒரே முட்டையா? உப்பு தூள் உப்பா, கல் உப்பா? ஸ்பூனைத் தலைதட்டி எடுத்தீர்களா, குவித்து எடுத்தீர்களா? முட்டை நடுவில் நின்றபோது டம்ளர் அடியில் கரையாத உப்பு தெரிந்ததா?

மலர்விழி (திருச்சி)
ஐயா, முதல் முட்டை ஃபிரிட்ஜில் இரண்டு வாரமாக இருந்தது. அது கீழே விழுந்து உடைந்ததால் அடுத்த இரண்டு தடவைக்கும் அன்று கடையில் வாங்கியதை எடுத்தோம். முதல் தடவை தூள் உப்பு. அது தீர்ந்துபோனதால் அப்புறம் கல் உப்பு. ஸ்பூனில் குவித்துத்தான் எடுத்தாள். நடுவில் நின்றபோது அடியில் உப்பு இருந்தது, ஆமாம். மூன்றாவது தடவை கொஞ்சம் கலக்கினாள், ஆனால் அப்போதும் முழுசாகக் கரையவில்லை.

ஓய்வாசிரியர்
அப்படியானால் பிள்ளை தவறு செய்யவில்லை. அவள் கண்ணால் பார்த்த மூன்றுமே சரி. ஆனால் ஒன்றை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூன்றை மாற்றியிருக்கிறாள்: முட்டை மாறியது, உப்பின் அளவு மாறியது, கரைந்த உப்பின் அளவும் மாறியது.

ஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். கல் உப்பில் கற்களுக்கு இடையே காற்று இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரே எடை இருக்காது. குவித்து எடுத்தால் ஒவ்வொரு ஸ்பூனும் ஒரு எடை. ஆகவே ஸ்பூன் வேண்டாம், எடை மெஷினில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள்.

அடுத்தது நடுவில் நின்ற முட்டை. இதைப் பார்த்துப் பலரும் "முட்டையின் அடர்த்தியும் தண்ணீரின் அடர்த்தியும் சரியாக ஒன்றாகிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி அமைவது மிக மிக அரிது. அடியில் உப்பு கிடந்தால் கீழ்த்தண்ணீர் கனமானது, மேல்தண்ணீர் லேசானது, இரண்டு அடுக்கு. முட்டை மேல் அடுக்கில் மூழ்கிக் கீழ் அடுக்கில் மிதக்கிறது, அதனால் இடையில் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் முட்டையை எடுத்துவிட்டு, உப்பு முழுக்கக் கரையும்வரை கலக்கி, மறுபடி போட்டுப் பாருங்கள். ஒன்று மேலே வரும், இல்லையென்றால் கீழே போகும்.

கடைசியாக முட்டை. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் ஈரம் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது, காற்று அந்த இடத்துக்கு வருகிறது. ஓடு சுருங்காது, ஆகவே கன அளவு அதே, எடை மட்டும் குறைகிறது. இரண்டு வார முட்டை குறைந்த உப்பிலேயே மிதந்துவிடும். சாந்தா அம்மாள் சொம்பில் பார்ப்பதும் இதைத்தான். நன்றாகப் பழசாகிவிட்டால் உப்பே இல்லாமல் மிதக்கும்.

உப்பளத்தான் (தூத்துக்குடி)
இவ்வளவு மெனக்கெட வேண்டாம் அக்கா. ஒரு கேன் கடல்தண்ணீர் எடுத்து முட்டையைப் போடுங்கள், ஜம்மென்று மிதக்கும். சின்ன வயசில் நான் கண்ணால் பார்த்தது.

ஓய்வாசிரியர்
தம்பி, கடல்தண்ணீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கும். வெறும் தண்ணீர் 1 என்றால் அது 1.025 அளவு கனம். புது முட்டை 1.08 பக்கத்தில் இருக்கும். கடலில் போட்டால் அடிக்குத்தான் போகும். நீங்கள் பார்த்தது கடற்கரையிலா, உப்பளப் பாத்தியிலா?

உப்பளத்தான் (தூத்துக்குடி)
சார், யோசித்துப் பார்த்தால் பாத்தியில்தான். அப்பாவோடு போனபோது. உப்பு படிகிற பாத்தியில் தண்ணீரின் கனம் 24, 25 டிகிரி ஓடும், அதை ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீர் கையில் பட்டாலே வழவழவென்று இருக்கும். கடலும் பாத்தியும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். நாளைக்கே கடல்தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஓய்வாசிரியர்
அந்தப் பாத்தித் தண்ணீர் 1.2 அளவு கனம். அதில் முட்டை மிதக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

கணக்குப்பிள்ளை
எடை மெஷின் இருந்தால் முட்டையே தேவையில்லையே? அரை லிட்டர் தண்ணீர் 500 கிராம். 60 கிராம் உப்பு போட்டால் 560 கிராம். 560-ஐ 500-ஆல் வகுத்தால் 1.12. இப்படி ஒவ்வொரு அளவுக்கும் அடர்த்தியைக் கணக்குப் போட்டுவிடலாம். பிள்ளை அட்டவணையில் இதையே எழுதட்டும்.

ஓய்வாசிரியர்
எடை சேர்ந்ததைச் சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் உப்பு கரைந்த பிறகும் அது 500 மில்லியாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டீர்கள். இருக்காது. 60 கிராம் கரைந்தால் தண்ணீர் மட்டம் ஏறி ஏறத்தாழ 520 மில்லி ஆகிவிடும். 560-ஐ 520-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.076 அளவுதான் வரும். உங்கள் 1.12-ஐ நம்பினால் 50 கிராம் உப்புக்கே 1.10 வந்துவிடும், 1.08 உள்ள முட்டை அப்போதே மிதந்திருக்க வேண்டும். அது மிதக்காது. அட்டவணையும் முட்டையும் ஒத்துப்போகாமல் பிள்ளை குழம்பிப்போவாள்.

வீட்டிலேயே சரியாக அளக்க ஒரு வழி இருக்கிறது. சின்னப் பாட்டில் ஒன்றைக் காலியாக நிறுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி நிறுத்து, பாட்டில் எடையைக் கழியுங்கள். 250 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதே பாட்டிலில் அதே விளிம்புவரை உப்புத் தண்ணீர் ஊற்றி நிறுத்தால் 269 கிராம் வந்தால், 269-ஐ 250-ஆல் வகுக்க 1.076. மில்லிக் கோடுகளை நம்பவே வேண்டாம். பாட்டில் ஒன்றுதான் என்பதால் கன அளவு தானாக ஒன்றாகிவிடுகிறது.

கணக்குப்பிள்ளை
ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் முன்னால் ஒரு பாட்டிலில் கோடு போட்டு உப்பைக் கரைத்துப் பார்த்தேன், மட்டம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் உப்பு கட்டியாக இருக்கும்போது பிடித்த இடம் அளவுக்கு ஏறவில்லையே?

ஓய்வாசிரியர்
நல்ல கவனிப்பு. 60 கிராம் உப்பைக் காற்றில்லாமல் கட்டியாக்கினால் சுமார் 28 மில்லி இடம் பிடிக்கும். கரைந்த பிறகு 20 மில்லிதான் கூடுகிறது. உப்பின் துகள்களைச் சுற்றித் தண்ணீர் இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. ஏழாம் வகுப்புக்கு இது வேண்டாம், மட்டம் ஏறுகிறது என்பது போதும்.

கடைமடை (நாகப்பட்டினம்)
இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் விதைநெல் தேர்வுக்கு இதைத்தான் செய்கிறோம். பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, புது முட்டை ஒன்றைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைப்போம். முட்டையின் முதுகு பழைய நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் போதும். எனக்கு ஒன்றரைக் கிலோ உப்பு வரைக்கும் பிடிக்கும். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால் பொக்கும் அரைப்பொக்கும் மேலே வந்துவிடும். அதை வாரிப் போட்டுவிட்டு அடியில் நிற்கிறதை எடுத்து இரண்டு மூன்று தண்ணீர் நன்றாக அலசிவிட வேண்டும். உப்போடு விட்டால் முளைப்பு பாதிக்கும்.

ஒரு வருஷம் வீட்டில் கிடந்த பழைய முட்டையைப் போட்டுவிட்டேன். பாதி உப்பிலேயே மிதந்துவிட்டது. தண்ணீர் தயாராகிவிட்டது என்று நினைத்து விதையைக் கொட்டினேன். பொக்கு மேலே வந்தது, ஆனால் அரைப்பொக்கு எல்லாம் நல்ல விதையோடு அடியிலேயே தங்கிவிட்டது. நாற்றங்காலில் திட்டுத்திட்டாக முளைத்தபோதுதான் என்னவென்று தேடினேன். முட்டைக்கு வயசு உண்டு என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

ஓய்வாசிரியர்
ஐயா, இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. உங்கள் வயலில் முட்டைதான் அளவுகோல். அதை வைத்து உப்புத் தண்ணீரை அளக்கிறீர்கள். அதனால்தான் புது முட்டை வேண்டியிருக்கிறது. பிள்ளையின் செய்முறையில் திருப்பிப் போடுகிறோம். கிராம் கணக்கில் கரைத்த உப்புத் தண்ணீர் அளவுகோல், அதை வைத்து முட்டையை அளக்கிறோம். அளவுகோல் எது, அளக்கப்படுவது எது என்று முதலிலேயே அவள் முடிவு செய்துவிட்டால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

மலர்விழி, இப்படிச் செய்யச் சொல்லுங்கள். அகலமான கண்ணாடிப் பாத்திரம், 500 கிராம் தண்ணீர், தூள் உப்பு, ஒரு முட்டை. அந்த ஒரே முட்டையை ஒவ்வொரு முறையும் மெதுவாகக் கரண்டியால் இறக்க வேண்டும். 10 கிராம் உப்பு போட்டு முழுக்கக் கரைத்து, முட்டையை இறக்கி, மேலே ஒட்டிய காற்றுக் குமிழியை விரலால் துடைத்துவிட்டு, மூழ்கியதா மிதந்ததா என்று எழுதட்டும். முட்டையை எடுக்கும்போது தண்ணீரைப் பாத்திரத்துக்குள்ளேயே வடியவிட வேண்டும். 40 கிராமைத் தாண்டியதும் ஐந்து ஐந்து கிராமாகப் போடட்டும். தண்ணீர் தெளிவாக இல்லாமல் வெண்மையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தூள் உப்பு கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது.

மலர்விழி (திருச்சி)
செய்கிறோம் ஐயா. பழத்துக்கு என்ன செய்வது? எலுமிச்சை, ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள்.

ஓய்வாசிரியர்
அவை பெரும்பாலும் வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். ஏற்கெனவே மிதப்பதில் உப்பைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் மேலே எழும்பும், அவ்வளவுதான்; அட்டவணையில் எழுத ஒன்றும் இருக்காது. ஆரஞ்சைத் தோலோடு போட்டால் மிதந்து, தோலை உரித்தால் மூழ்குவது அழகான காட்சிதான். ஆனால் அங்கே மாறுவது தோல், உப்பு அல்ல. வேறு செய்முறையாக வைத்துக்கொள்ளட்டும்.

வெறும் தண்ணீரில் மூழ்கும் பழம் வேண்டும். திராட்சை எடுங்கள். ஒரே குலையில் உள்ள பழங்களுக்குள் இனிப்பு மாறும், இனிப்பு கூடக் கூட அடர்த்தியும் கூடும். 20 பழத்தை ஒன்றாகப் போட்டு உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். ஒவ்வொரு அளவுக்கும் எத்தனை மிதந்தன என்று எண்ணலாம். முதலில் வருபவை பெரும்பாலும் புளிப்பாக இருக்கும். கழுவிவிட்டுச் சாப்பிட்டுப் பார்த்தே சரிபார்க்கலாம்.

சாந்தா அம்மாள்
ஐந்து முட்டை வைத்துச் செய்தால்தானே நம்புவார்கள்? ஒன்றில் என்ன தெரியும்?

கணக்குப்பிள்ளை
ஆனால் ஐந்து முட்டை எடுத்தால் முட்டையும் மாறிவிடுகிறதே. ஒன்றை மட்டும் மாற்று என்பதுதானே நிபந்தனை?

ஓய்வாசிரியர்
ஒரு முட்டையை எல்லா அளவு உப்பிலும் போட்டு முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த முட்டையை முதலிலிருந்து அதே மாதிரி. இப்படிச் செய்தால் ஒவ்வொரு வரிசைக்குள்ளும் உப்பு மட்டும்தான் மாறுகிறது. ஐந்து வரிசையை ஒப்பிடுவது அதற்குப் பிறகு. 20 கிராமுக்கு ஒரு முட்டை, 30 கிராமுக்கு வேறு முட்டை என்று போட்டால்தான் நீங்கள் சொல்லும் சிக்கல் வரும்.

கணக்குப்பிள்ளை
எனக்கு முழு நிறைவு இல்லை. ஒரே தட்டிலிருந்து எடுத்தாலும் ஐந்துக்கும் ஒரே வயசு என்று யார் சொன்னது? சராசரி போட்டு எழுதினால் அது எதன் சராசரி?

ஓய்வாசிரியர்
சராசரி வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஐந்து எண்ணையும் அப்படியே எழுதட்டும்.

உப்பளத்தான் (தூத்துக்குடி)
காலையில் பார்த்துவிட்டேன். கடல்தண்ணீரில் முட்டை அடியில்தான் கிடக்கிறது. நுனியில் நிற்கக்கூட இல்லை, நன்றாகப் படுத்துவிட்டது. சார் சொன்னது சரி.

மலர்விழி (திருச்சி)
சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதுதான் வேலை. முதல் முட்டை 56 கிராம். 60 கிராம் உப்பு வரை மூழ்கியது. 65-இல் மேலே வந்தது, சின்ன வட்டமாக முதுகு தெரிந்தது. மற்ற நான்கில் மூன்று அதே இடைவெளியில். ஒன்று மட்டும் 45 கிராமிலேயே மிதந்தது. பாட்டில் முறையில் 60 கிராமுக்கு 1.076, 65-க்கு 1.082 வந்தது. "முட்டை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது" என்று அவளே எழுதினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓய்வாசிரியர்
அருமை. இன்னும் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, முதல் முட்டையை நூலில் கட்டி, வெறும் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி முட்டையின் கன அளவு.

மலர்விழி (திருச்சி)
52 காட்டியது ஐயா! 56-ஐ 52-ஆல் வகுத்தால் 1.077. உப்பு சொன்னதும் நூல் சொன்னதும் ஒன்றாக வந்துவிட்டது.

ஓய்வாசிரியர்
ஆனால் உங்கள் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. 52 என்பது 51.5-ஆகவும் இருக்கலாம், 52.5-ஆகவும் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் 1.07-இலிருந்து 1.09 வரை எதுவும் சாத்தியம். உப்பு முறை உங்களுக்கு 1.076-க்கும் 1.082-க்கும் இடையே என்று அதைவிடக் குறுகிய இடைவெளியைக் கொடுத்திருக்கிறது. இரண்டில் எது நுணுக்கமானது என்பதையும் அவள் எழுதட்டும்.

சாந்தா அம்மாள்
45-இல் மிதந்த அந்த ஒரு முட்டை?

மலர்விழி (திருச்சி)
உடைத்துப் பார்த்தோம் அக்கா. அகலமான பக்கத்தில் காற்று இடம் பெரிசாக இருந்தது, வெள்ளைக்கரு தண்ணீர் மாதிரி ஓடியது. கடைக்காரர் பழைய தட்டையும் புதுத் தட்டையும் கலந்திருப்பார் போல.

இப்போது திராட்சையில் ஒரு சிக்கல். 55 கிராமில் ஏழு பழம் மிதந்தது. எண்ணி எழுதிவிட்டுச் சாப்பிடப் போய், அரைமணி கழித்து வந்து பார்த்தால் மூன்று மறுபடி மூழ்கியிருக்கிறது. உப்பை யாரும் தொடவில்லை.

கடைமடை (நாகப்பட்டினம்)
உப்பு பழத்திலிருந்து தண்ணீரை இழுத்திருக்கும் அம்மா. ஊறுகாய்க்கு உப்பு போட்ட மாங்காய் சுருங்குகிற மாதிரி. தண்ணீர் போனால் மிச்சம் இருக்கிற சாறு கெட்டியாகும்.

ஓய்வாசிரியர்
இருக்கலாம். ஆனால் திராட்சைத் தோலில் மெழுகுப் படலம் உண்டு, அரைமணி நேரத்தில் அவ்வளவு இழுக்குமா என்று எனக்குச் சந்தேகம். காம்பு பிய்த்த இடத்தில் ஒட்டியிருந்த குமிழி கழன்று போயிருந்தாலும் இப்படியே ஆகும். இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பழத்தின் எடை மாறினால் உங்கள் தராசுக்குத் தெரியாது. 50 பழத்தைக் காம்பைக் கத்தரித்து, துடைத்து, மொத்தமாக நிறுத்து, உப்புத் தண்ணீரில் போட்டு, அரைமணி கழித்து எடுத்து நன்றாகத் துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் கடைமடை ஐயா சொன்னது.

மலர்விழி (திருச்சி)
நாளை மாலை திராட்சை வாங்கி வருகிறேன். நிறுத்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.